சீசன் மாதக் கல்லாவை வைத்து சலூனுக்கு விலை பேசாதீர்கள்

கேள்வி: ஊட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யூனிசெக்ஸ் சலூன் விற்பனைக்கு வந்திருக்கிறது. மாதம் அறுபதாயிரம் லாபம் என்கிறார்கள், ஒன்பது லட்சம் கேட்கிறார்கள். இது சரியான விலையா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்த அறுபதாயிரத்தை நானும் கேட்டிருக்கிறேன். குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் நான் இப்போது நடத்தும் கடையை 2024 கடைசியில் வாங்கியபோது, விற்ற அக்காவும் அச்சு அசலாக இதைத்தான் சொன்னார். மாதம் 1.8 லட்சம் வியாபாரம், செலவு போக அறுபதாயிரம், விலை ஒன்பதரை லட்சம். கடைசியில் 4.75 லட்சத்துக்கு முடித்தேன். அடித்துப் பிடுங்கினேன் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள், அதனால் கணக்கை அப்படியே எழுதிவிடுகிறேன். நான் ஆடிட்டர் இல்லை. பல வருடம் அடுத்தவர் கடையில் த்ரெட்டிங்கும் ஃபேஷியலும் செய்தவள். படித்தவர்களுக்கு இது கணக்காகவே தெரியாமல் போகலாம், பரவாயில்லை.

அவர் எனக்குக் காட்டியது 2023 மே மாத நோட்டு. மே மாதத்தில் மலையில் எந்தக் கடையில் கூட்டம் இல்லை? பூக்கண்காட்சி பார்க்க வந்தவர்கள் ஹோட்டல் அறையில் வெந்நீர் வரவில்லை என்று தலை அலசக்கூட வருவார்கள். அதோடு 2024 மே மாதத்தில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அதற்கு முந்தைய சீசன் கல்லாவை வைத்து இன்றைக்கு விலை பேச முடியாது. நீங்களும் கீழேயிருந்து வந்து சீசன் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர் என்றே நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். எதற்கும் ஜூலை, நவம்பர் நோட்டுகளைக் கேளுங்கள். மழையில் பஸ் ஸ்டாண்டே காலியாகக் கிடக்கும் மாதங்கள் அவை. பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக, க்யூஆர் கோடு பணம் விழும் பேங்க் ஸ்டேட்மெண்டோடு சேர்த்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன கேள்வி கேட்டேன். மாதம் 1.8 லட்சம் என்றால் வருடத்துக்கு 21.6 லட்சம் ஆகிறது. சேவைத் தொழிலில் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். "உங்க ஜிஎஸ்டி நம்பர் என்னக்கா?" அப்படி ஒன்று இல்லை. ஒன்று வியாபாரம் அவ்வளவு இல்லை, இல்லையென்றால் வரி கட்டாமல் ஓட்டியிருக்கிறார். இரண்டில் எது உண்மையானாலும் ஒன்பதரை லட்சம் நிற்காது.

அப்புறம் சரக்கு பில். மாதம் அறுபது பேருக்குக் கலர் போடுவதாகச் சொன்னார். சப்ளையரிடம் வாங்கிய பில்களில் மாதம் இருபது ட்யூப்தான் இருந்தது. வேர் மட்டும் தொடுவதற்கே அரை ட்யூபாவது போகும், தோளுக்குக் கீழே முடி இருந்து முழுத் தலைக்கும் போட்டால் ஒன்றுக்கு மேல் போகும். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் நாற்பது பேரைத் தாண்டவில்லை. "பாதி சரக்கு பில் இல்லாம வாங்குவோம்மா" என்றார். பில் இல்லாத சரக்கில் வந்த வியாபாரத்துக்கு நான் விலை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மின்வாரிய பில்லும் இதே கதையைச் சொல்லும். இந்தக் குளிரில் ஒவ்வொரு தலை அலசலுக்கும் கீசர் ஓட வேண்டும். கூட்டம் இருந்த மாதம் யூனிட் ஏறாமல் இருக்காது. பில்லைப் பார்க்கும்போது அது கடைக்கான இணைப்பா, வீட்டு இணைப்பா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் சலூன் ஓடினால் அபராதம் உங்கள் தலையில்.

எல்லாம் பார்த்து முடித்தபோது வருட வியாபாரம் 16.8 லட்சம், அதாவது மாதச் சராசரி 1.4 லட்சம். செலவில் வாடகை 22 ஆயிரம், மூன்று பேர் சம்பளம் 50, சரக்கு 21, கரண்ட் 6, துண்டு சலவையும் சில்லறையும் 8. மொத்தம் 1,07,000. மிச்சம் 33 ஆயிரம்.

பலரும் நிறுத்திவிடுவது இங்கேதான். இந்த 33 ஆயிரம் கடையின் லாபம் இல்லை. அந்த அக்கா காலை முதல் இரவு வரை நின்று ஃபேஷியலும் மணப்பெண் அலங்காரமும் செய்தார், தனக்கென்று சம்பளம் எழுதவில்லை. அந்த வேலைக்குக் குன்னூரில் ஆள் வைத்தால் 18 ஆயிரமாவது கேட்பார்கள். அதைக் கழித்தால் கடை சம்பாதிப்பது மாதம் 15 ஆயிரம், வருடத்துக்கு 1.8 லட்சம். நீங்களே நின்று வேலை செய்தாலும் இதே கணக்குதான். உங்கள் உழைப்புக்கு வரும் கூலியை நீங்களே காசு கொடுத்து வாங்குவீர்களா?

இரண்டு வருட லாபத்துக்கு மேல் நான் கொடுக்கத் தயாராக இல்லை, அது 3.6 லட்சம். சாமான்களுக்குக் கோயம்புத்தூரில் பழைய சலூன் சாமான் எடுப்பவரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். மூன்று ஹைட்ராலிக் நாற்காலி, ஷாம்பூ பேசின், ஃபேஷியல் கட்டில், ஸ்டீமர், கீசர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 1.6 லட்சம் மதிப்பு சொன்னார். கூட்டினால் 5.2. வேறு மாதிரியும் போடலாம், உழைப்பைக் கழிக்காமல் வருடம் 3.96 லட்சத்தை ஒன்றரையால் பெருக்கி, சாமானையும் அதற்குள்ளேயே அடக்குவார்கள். அதில் ஏறக்குறைய 6 வரும். எந்த வழியில் போனாலும் ஒன்பதரை வரவில்லை.

இதில் பேக்கேஜ் பாக்கியைக் கழிக்க வேண்டும். ஆறு ஃபேஷியலுக்கு முன்பணம், பத்து ஹேர் ஸ்பாவுக்கு முன்பணம் என்று வாங்கிக் கல்லாவில் போட்டுச் செலவழித்திருப்பார்கள். கடை கை மாறிய மறுநாள் அந்த வாடிக்கையாளர் கார்டை நீட்டுவார், நீங்கள் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும். கார்டு நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூட்டியபோது 70 ஆயிரம் நிலுவை இருந்தது. 5.2 லட்சத்தில் அதைக் கழித்தால் 4.5. பேச்சில் 25 ஆயிரம் ஏற்றிக் கொடுத்தேன்.

வாடிக்கையாளர் பட்டியலைப் பெரிய சொத்தாகக் காட்டுவார்கள். எனக்குக் காட்டிய போனில் ஆயிரம் பெயருக்குப் பக்கம் இருந்தது. ஆனால் குன்னூரை ஒட்டி வெலிங்டன் ராணுவ முகாம் இருக்கிறது. ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வரும் அதிகாரிகளின் குடும்பங்கள் ஜூன் வாக்கில் வரும், ஏப்ரலில் மூட்டை கட்டும். நன்றாகச் செலவழிப்பவர்கள், ஆனால் அடுத்த வருடம் இருக்க மாட்டார்கள். ஆகவே கடைசி ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்த உள்ளூர்ப் பெயர்களை மட்டும் எண்ணினேன். பட்டியல் கால்வாசியாகச் சுருங்கியது. ஊட்டியில் இந்த இடத்தில் போர்டிங் ஸ்கூல்காரர்களும் டூரிஸ்டுகளும் இருப்பார்கள்.

ஆண்கள் பக்கம் வெட்டிய மாஸ்டர் ஒருவரின் நாற்காலியில் மட்டும் மாதம் 55 ஆயிரம் வந்துகொண்டிருந்தது. அவர் எதிர்த் தெருவில் கடை போட்டால் அந்தத் தலைகளும் பின்னாலேயே போகும். வேலையாளை "நீ போகக்கூடாது, பக்கத்தில் கடை போடக்கூடாது" என்று எழுதி வாங்கினாலும், வேலையை விட்ட பிறகு கோர்ட்டில் அது நிற்காது. ஆனால் விற்கும் முதலாளியை அப்படிக் கட்டலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவு இப்படிப்பட்ட தடைகளைச் செல்லாது என்கிறது, நற்பெயரோடு கடையை விற்பவருக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது. இடமும் காலமும் நியாயமாக இருக்க வேண்டும். குன்னூர் நகராட்சி எல்லைக்குள் மூன்று வருடம் என்று நான் எழுதி வாங்கினேன். மாஸ்டரைத் தனியாகப் பார்த்து, அவர் பழைய முதலாளியிடம் வாங்கியிருந்த அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டு, அதை மூவரும் உட்கார்ந்து முடித்தோம். பாதிக் கடைகளில் புது முதலாளிக்கும் ஆளுக்கும் முதல் சண்டை இந்த அட்வான்ஸில்தான் வரும்.

இன்டீரியருக்கு ஆறு லட்சம் செலவழித்தேன் என்று காட்டுவார்கள். சுவரில் அடித்த ப்ளைவுட்டும் ஃபால்ஸ் சீலிங்கும் காலி செய்யும்போது கூட வராது. கட்டட உரிமையாளர் எத்தனை வருடம் இருக்க விடுவார் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ப்ளைவுட் ஊறி உப்பிவிடும். கண்ணாடியைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். எனக்குக் காட்டிய கடையில் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. இன்டீரியருக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. பழைய 11 மாத அக்ரிமெண்டை நம்பாமல் உரிமையாளரிடம் நேரடியாக உங்கள் பெயரில் புதிதாகப் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், செலவைப் பார்க்காதீர்கள். விற்பவர், தான் உரிமையாளரிடம் கொடுத்துவைத்த அட்வான்ஸை உங்களிடம் கேட்பார். வாடகை பாக்கி போக எவ்வளவு நிற்கிறது என்று உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எனக்கு முன்னால் அந்தக் கடையைக் கேட்டு வந்தவர் பரம்பரையாக முடி வெட்டும் குடும்பத்து அண்ணன். கட்டட உரிமையாளர் "லேடீஸ் பார்லர்னா தர்றேன், முடி வெட்டுற கடைன்னா வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அதே கடையில் அதே கத்தரி, அதே வேலை. ஆங்கிலப் பெயரோடு யார் வந்தாலும் சாவி கிடைக்கிறது. தொழிலைக் கற்று வைத்திருந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று யாராவது கீழே எழுதுவீர்கள், எழுதுங்கள்.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். நான் சாவி வாங்கிய அன்று 4 லட்சம் கொடுத்தேன். மீதி 75 ஆயிரம் மூன்று மாதம் கழித்து, நோட்டில் இல்லாத பேக்கேஜ் கார்டு வந்தால் அதைக் கழித்துக்கொண்டு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதினோம். வாட்ஸ்அப் எண்ணின் சிம்மை என் பெயருக்கு மாற்றுவது, கூகுள் மேப்பில் கடையின் பக்கத்தை என் கணக்குக்குக் கொடுப்பது இரண்டும் அதே ஒப்பந்தத்தில். அந்த மூன்று மாதத்தில் நோட்டில் இல்லாத கார்டுகள் 9 ஆயிரத்துக்கு வந்தன, கழித்துக்கொண்டு 66 ஆயிரம் அனுப்பினேன். அக்காவும் மறுப்பு சொல்லவில்லை. மாஸ்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார், சம்பளம் மட்டும் ஏறிவிட்டது.