வோல்வோ கார் பிடிச்சிருக்கு, எந்த ஷேர வாங்குறது?

கேள்வி: சார், நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பையன். கையில கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன். எனக்கு வோல்வோ கார்னா ரொம்ப இஷ்டம், அந்த ஷேர்ல நாலஞ்சு வாங்கிப் போடலாம்னு தேடுனா வோல்வோங்கிற பேர்லயே ரெண்டு கம்பெனி வருது, வோல்வோ குரூப்னும் போட்டிருக்கு, ஜீலி குரூப்னும் போட்டிருக்கு. கம்பெனி, ஃபர்ம், பிராண்ட், குரூப் எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சிட்டு இருந்தேன். வேற வேறயா?

பதில்: வேற வேறதான் தம்பி. நீங்க சொன்ன வோல்வோவ விட இதுக்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு கிடையாது, அதனால அதையே வச்சுப் பேசுவோம்.

முதல்ல கம்பெனி. சட்டத்தோட கண்ணுக்கு அது ஒரு தனி ஆள். அது பேர்லயே சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், கேஸ் போடலாம், அது மேலயும் கேஸ் போடலாம். முதலாளி செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஷேர்ங்கிறது இந்த ஆள்ல ஒரு சின்னப் பங்கு. ஸ்வீடன்ல ஏபி வோல்வோன்னு ஒரு கம்பெனி, அந்த ஏபிங்கிறதே ஷேர் போட்டு நடத்துற கம்பெனின்னு காட்டுற அவங்க ஊர் அடையாளம்தான். 1927-ல கார்ல ஆரம்பிச்சு அப்புறம் லாரி, பஸ், கட்டுமான மெஷின்னு போனாங்க. 1999-ல அவங்க கார் பிசினஸை மட்டும் தனியாப் பிரிச்சு ஃபோர்டுக்கு 6.45 பில்லியன் டாலருக்கு வித்துட்டாங்க. ஃபோர்டு 2010-ல அதை சீனாவுல இருக்கிற ஜீலிக்குக் கைமாத்தி விட்டுச்சு. அந்தக் கார் கம்பெனி 2021-ல தனியா ஸ்டாக்ஹோம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு.

இப்ப உங்க ஆப்ல வர்ற அந்த ரெண்டு பேரப் பாருங்க. VOLV B-ன்னு இருந்தா அது ஏபி வோல்வோ, லாரிக்காரங்க. VOLCAR B-ன்னு இருந்தா அதுதான் கார். காருக்கு ஆசைப்பட்டு முதல் பேர அமுக்கியிருந்தீங்கன்னா, கார் எவ்வளவு வித்தாலும் உங்களுக்கு ஒரு பைசா லாபம் வராது, ஏன்னா நீங்க லாரி கம்பெனியில பங்காளி ஆகியிருப்பீங்க. லாரி விக்கிறது சரக்குப் போக்குவரத்து எப்படி ஓடுதுங்கிறதப் பொறுத்தது, காரு வேற கணக்கு, ரெண்டு ஷேரும் ஒரே பக்கம் போகணும்னு கட்டாயமே இல்ல.

சரி, வித்ததுக்கு அப்புறமும் ரெண்டு பேரும் எப்படி அதே பேர வச்சிக்கிட்டாங்க? இங்கதான் பிராண்ட் வருது. பிராண்ட்ங்கிறது ஆளே இல்ல, அது ஒரு பொருள், ஒரு சொத்து. வீடு நிலம் மாதிரி அத வாங்கலாம், விக்கலாம், வாடகைக்கு விடலாம், என்ன, அந்த வாடகைக்கு லைசென்ஸ்னு பேரு. வோல்வோங்கிற பேரையும் அந்தச் சின்னத்தையும் வச்சிக்கிறதுக்குன்னே வோல்வோ டிரேட்மார்க் ஹோல்டிங்னு ஒரு தனிக் கம்பெனி இருக்கு, லாரிக்காரங்களும் கார்க்காரங்களும் அதுல பாதிப் பாதி வச்சிருக்காங்க. ஒரே பேரு, ரெண்டு வீட்டு வாசல்ல மாட்டியிருக்கு, அவ்வளவுதான். இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு சொல்றேன், ரெனோ டிரக்ஸ்னு ஓடுற லாரி ரெனோ கார் கம்பெனியோடது இல்ல, 2001-லயே ஏபி வோல்வோ வாங்கிட்டாங்க. பேரப் பாத்து ஓனரைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். பிராண்ட் மேல ஷேரும் கிடையாது, பிராண்ட் மேல கேஸும் போட முடியாது, பொருள் கெட்டுப் போனா அத செஞ்ச இல்ல வித்த கம்பெனியத்தான் பிடிக்கணும்.

குரூப் இன்னும் குழப்பும். ஒரு தாய் கம்பெனி, அதுக்குக் கீழ அது கட்டுப்பாட்டுல இருக்கிற கம்பெனிங்க, எல்லாத்தையும் சேத்துச் சொல்ற பேருதான் குரூப். பொதுவா அதுக்குன்னு தனியா ஒரு சட்ட உருவம் கிடையாது. வோல்வோ குரூப்னா ஏபி வோல்வோவும் அதுக்குக் கீழ இருக்கிறதும், அதுல வோல்வோ கார் இல்லவே இல்ல (இத மொதல்ல கேக்குறப்ப எல்லாருமே முழிப்பாங்க). கார் இருக்கிறது ஜீலி பக்கம். ஆனா அங்கயும் ஒரு சிக்கல் இருக்கு. வோல்வோ கார்ல பெரும்பங்கு வச்சிருக்கிறது ஷேஜியாங் ஜீலி ஹோல்டிங், அது மார்க்கெட்ல இல்லாத பிரைவேட் கம்பெனி. ஹாங்காங் மார்க்கெட்ல கிடைக்கிறது ஜீலி ஆட்டோமொபைல், அது அதே குரூப்ல இருக்கிற இன்னொரு கம்பெனி. எல்லாம் ஒரே குரூப்தானேன்னு அத வாங்குனா வோல்வோ கார் லாபத்துல உங்களுக்குப் பங்கு வந்துடாது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான், அதுக்காக அண்ணன் சம்பளம் தம்பிக்கு வருமா?

கடன் விஷயத்துலயும் இதே கதைதான். பெரிய குரூப் பேரப் பாத்து அதுல ஒரு சின்னக் கம்பெனியோட பாண்டுல பணம் போடுறாங்க, அது திவாலானா தாய் கம்பெனி குடுத்துடும்னு நம்பிக்கை. தாய் கம்பெனி கேரண்டி எழுதிக் குடுத்திருந்தா சரி, இல்லன்னா பொதுவா அதுக்குக் கட்டாயம் கிடையாது. விளம்பரத்துல குரூப் பேரு பெருசா இருக்கும், பத்திரத்துல யார் கையெழுத்து இருக்குன்னு பாருங்க, கடன்காரர் அவர்தான்.

ஃபர்ம் உங்க ஷேர் கணக்குல வராது, ஆனா நாலு பேர்ல இதுதான் ஆளைக் கவுக்கும். பேச்சு வழக்குல, செய்தியில எல்லாம் எந்தக் கம்பெனியையும் ஃபர்ம்னு சொல்லிடுவாங்க, அது தப்புன்னு சண்டைக்குப் போகாதீங்க. கறாரா சொன்னா ஃபர்ம்னா கூட்டாளிங்க சேந்து நடத்துற தொழில். உதாரணமா நீங்களும் ஒரு ஃப்ரெண்டும் ஃபர்ம் ஆரம்பிக்கிறீங்க, ஆளுக்கு 50 ஆயிரம் போடுறீங்க. தொழில் படுத்துடுது, 10 லட்சம் கடன், இருக்கிறத எல்லாம் வித்தா 4 லட்சம் வருது. மீதி 6 லட்சம்? உங்க சொந்தச் சொத்துல இருந்து எடுப்பாங்க. ஃப்ரெண்ட்கிட்ட ஒண்ணுமே இல்லன்னா ஆளுக்கு 3 லட்சம்னு விட மாட்டாங்க, மொத்தத்தையும் உங்ககிட்டயே கேக்கலாம், அப்புறம் நீங்கதான் அவன் பின்னாடி அலையணும். இதே கம்பெனியா இருந்து ஷேருக்கு 50 ஆயிரத்த முழுசா கட்டியிருந்தீங்கன்னா அந்த 50 ஆயிரத்தோட போச்சு, பாங்க்ல நீங்க சொந்தமா கேரண்டி கையெழுத்துப் போடாத வரைக்கும். கூட்டாளிங்களுக்கும் இப்படி ஒரு வரம்பு வேணும்னுதான் எல்எல்பின்னு ஒரு நடு வகை வந்துச்சு, அது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இப்ப உங்க வேலை. ஆப்ல பேர அமுக்குறதுக்கு முன்னாடி கம்பெனியோட முழுச் சட்டப் பேரையும் ஐஎஸ்ஐஎன் நம்பரையும் பாருங்க, 12 எழுத்து இருக்கும், ஒரு ஷேருக்கு உள்ள நம்பர் இன்னொண்ணுக்கு வராது. அப்புறம் அந்தக் கம்பெனி சைட்டுக்குப் போய் ஆண்டறிக்கையில துணை நிறுவனங்கள் பட்டியலத் தேடுங்க, பெரும்பாலும் பின்பக்கத்துல குறிப்புகள்ல கெடக்கும். உங்களுக்குப் பிடிச்ச பொருளச் செய்யிற கம்பெனி ஒண்ணு அந்த அறிக்கையோட சொந்தக்காரரா இருக்கணும், இல்ல அந்தப் பட்டியல்ல இருக்கணும். ரெண்டுலயும் இல்லன்னா நீங்க வேற வீட்டு வாசல்ல நிக்கிறீங்கன்னு அர்த்தம். வோல்வோ காருக்கு இத ஒரு தடவ பண்ணிப் பாத்துட்டு, அப்புறமும் வாங்கணும்னு தோணுச்சுன்னா அந்த ஷேரோட விலை சரியா இல்லையாங்கிறதப் பேசலாம், அது தனிக் கேள்வி.