வேகத்தைக் குறைக்கும் முன் மௌனத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: ஒலிப்புத்தகங்களை 2 மடங்கு வேகத்தில், மௌனத்தைத் தவிர்க்கும் வசதியோடு கேட்கிறேன். கேட்கும்போது புரிகிறது, மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. இரவில் தானாக நிற்க டைமர் வைத்தாலும், புத்தகத்தில் எந்த இடத்தில் தூங்கிப்போனேன் என்று தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மௌனத் தவிர்ப்பை அணைத்துவிடுங்கள். வாசிப்பவர் ஒரு வாக்கியம் முடித்து மூச்சு விடும் அந்த இடைவெளியில்தான் நீங்கள் கேட்டதை மனத்தில் அடுக்குகிறீர்கள். வேகம் அதைப் பாதியாக்குகிறது, மௌனத் தவிர்ப்பு மிச்சத்தையும் வெட்டுகிறது. 10 மணி நேரப் புத்தகத்தில் இடைவெளிகள் மட்டும் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். அதை வெட்டி 2 மடங்கில் ஓட்டினால் நாலரை மணியில் முடிந்துவிடும். திரையில் 2 என்று இருந்தாலும், நீங்கள் கேட்பது 2.2 மடங்கு.

அடுத்து 1.5-க்கு இறங்குங்கள். ஐந்து நிமிடம் கேட்டு நிறுத்தி, கேட்டதில் மூன்று விஷயங்களை உங்கள் வார்த்தையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் இன்னும் 0.2 குறையுங்கள். இழப்பு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 10 மணி நேரம் 1.5-ல் 6 மணி 40 நிமிடம், 2-ல் 5 மணி. 2-லிருந்து 2.5-க்குப் போனாலோ மிச்சமாவது ஒரே ஒரு மணி நேரம்தான்.

‘மூன்று மடங்கு வேகத்தில் கேட்கப் பழக்குகிறோம்’ என்று பயிற்சி விற்பவர்களிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். பழகப் பழக வேகமான சொற்களைக் காது பிடித்துக்கொள்ளும், அது உண்மை. புதிய கருத்தை யோசிக்க வேண்டிய நேரம் அதனால் குறையாது. சொல் பிடிபடுவதைத்தான் அவர்கள் புரிதல் என்று விற்கிறார்கள்.

ஒரே விதிவிலக்கு, ஏற்கெனவே கேட்ட புத்தகம். கதையோ வாதமோ தெரிந்திருப்பதால் 2 மடங்கு தாராளமாகப் போதும். ஆனால் அதே ஆசிரியரின் வேறு புத்தகம் இதில் சேராது. அதே தலைப்பில் வேறொருவர் எழுதியதும் சேராது. பாதி கேட்டுவிட்டு மாதக்கணக்கில் விட்டதும் சேராது. முழுதாகக் கேட்ட அதே புத்தகம் மட்டும்தான்.

இனி டைமர். பொதுவாக அது கடிகார நேரத்தைத்தான் எண்ணுகிறது. 2 மடங்கில் 30 நிமிடம் வைத்தால் புத்தகம் 60 நிமிடம் நகர்ந்துவிடும். காலையில் அரை மணி பின்னால் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இரவில் வேகத்தை 1-க்குக் கொண்டுவந்து டைமரை 15 நிமிடம் வையுங்கள். காலையில் அதிகபட்சம் 15 நிமிடம் பின்னால் போனால் போதும். ‘அத்தியாய முடிவில் நிறுத்து’ என்பதை நம்ப வேண்டாம், சில அத்தியாயங்கள் ஒரு மணி நேரம் ஓடும்.

டைமர் வைக்கும்போதே ‘புத்தகம் இத்தனை நிமிடம் நகரும்’ என்று ஒரு வரி காட்ட எத்தனை செயலிகளுக்கு மனம் வருகிறது? ஒரு பாட்காஸ்டுக்கு வைத்த வேகத்தை எல்லாவற்றுக்கும் போட்டுவிடும் செயலிகளும் இருக்கின்றன. அதனால் புதிய புத்தகம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வேகம், மௌனத் தவிர்ப்பு இரண்டையும் பார்த்துவிட்டு ஓடவிடுங்கள்.