விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்: செங்கோட்டை ஜிம் மாஸ்டரின் கேள்வி-பதில்

செங்கோட்டையில் ஜிம் நடத்துகிறேன். புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புதிதாக வருபவர்களைவிட, பல வருடம் விட்டுவிட்டுத் திரும்ப வருபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. புதியவருக்குத் தெரியாது என்பதாவது தெரியும். திரும்பி வருபவருக்குப் பழைய எண்கள் எல்லாம் ஞாபகம் இருக்கும். இந்த முறை அவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டர், எனக்கு 39 வயசு. தம்மாமிலிருந்து ஊருக்கு வந்துவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் பெஞ்ச் பிரஸ் 60 கிலோவில் பத்து பத்தாக மூன்று செட் அடிப்பேன். போன வாரம் அதே 60-ஐப் போட்டேன். ஆறு தடவைதான் வந்தது. அப்புறம் நான்கு நாள் கையை நீட்ட முடியவில்லை. எல்லாம் போய்விட்டதா? (செங்கோட்டை)

எல்லாம் போகவில்லை தம்பி. ஆறு வருடம் கழித்து ஆறு தடவை வந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த ஆறையும் நீங்கள் அடித்திருக்கக் கூடாது.

குற்றாலத்தில் சீசன் முடிந்ததும் கடைகளை மூடுவார்கள். சரக்கு காலியாகும், ஆள் போய்விடும். ஆனால் தட்டி, பெஞ்சு, அடுப்பு மேடை எல்லாம் அங்கேயே கிடக்கும். அதனால்தான் அடுத்த ஜூனில் இரண்டே நாளில் கடை திறந்துவிடுகிறது. தசையும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு தசை நாருக்குள் பல உட்கருக்கள் உண்டு. வெயிட் தூக்கும் காலத்தில் அவை கூடுகின்றன. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2010-ல் எலிகளை வைத்துப் பார்த்தபோது, தசை மெலிந்த பிறகும் கூடின உட்கருக்கள் மூன்று மாதம் அப்படியே இருந்தன. மனிதர்களிடமும் அதேதான் நடக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். ஆனால் பழைய ஆளுக்குப் பலம் புது ஆளைவிட வேகமாகத் திரும்புவதை ஜிம்மில் தினமும் பார்க்கிறோம்.

சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. தசை ஓடி வந்துவிடும். அதை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண் மெதுவாகத்தான் வரும். தசை நாலு வாரத்தில் தயார் என்று சொல்லும்போது தசைநாண் பாதி வழியில்தான் நிற்கும். திரும்பி வந்தவர்கள் ஐந்தாவது ஆறாவது வாரத்தில் முழங்கையையோ தோளையோ பிடித்துக்கொண்டு என்னிடம் நிற்பது இதனால்தான். முதல் வாரம் வரும் சதை வலியை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஐந்தாவது வாரத்தைத்தான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணக்கை இப்படிப் போடுவோம். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டே நாள். பெஞ்ச் பிரஸ் 30 கிலோ, அதாவது 20 கிலோ பாரில் பக்கத்துக்கு 5 கிலோ பிளேட். பத்து தடவையில் இரண்டு செட், அதோடு எழுந்துவிடுங்கள். பத்தாவதை முடிக்கும்போது இன்னும் நாலு தடவையாவது அடிக்கலாம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் 30-ம் அதிகம், குறையுங்கள். ஸ்குவாட்டுக்கும் இதே கணக்கு, பழையதில் பாதி. மூன்றாவது வாரம் நாட்களை மூன்றாக்கி, வெயிட்டை 35 ஆக்கலாம். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஐந்தாவது வாரத்தில்தான் மூன்றாவது செட். அந்த வாரம் மட்டும் வெயிட்டை ஏற்றாமல் 37.5-லேயே நிற்கட்டும். செட்டையும் வெயிட்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. இப்படிப் போனால் மூன்று மாதத்தில் 55 பக்கம் வந்துவிடுவீர்கள்.

நடுவில் வலி வந்தால் எந்த வலி என்று பார்க்கத் தெரிய வேண்டும். சதை வலி சதை முழுக்கப் பரவி இருக்கும், மூன்று நான்கு நாளில் தானாகக் கரையும். தசைநாண் வலியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டலாம், அது மூட்டை ஒட்டி இருக்கும். காலையில் விறைப்பாக இருந்து, உடம்பு சூடானதும் காணாமல் போய், மறுநாள் காலை திரும்பவும் வந்து நிற்கும். சூடானதும் போய்விடுகிறதே என்று அதன்மேல் வெயிட் ஏற்றுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு. அது வந்தால் அந்த அசைவில் வெயிட்டை முந்தின வாரத்துக்கு இறக்குங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

அண்ணே, நண்பர்கள் பந்தயம் கட்டியதால் நீண்ட நாளைக்குப் பிறகு போய் 300 உட்கார்ந்து எழுந்தேன். இரண்டாவது நாள் தொடை கல்லு மாதிரி வீங்கிவிட்டது. சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போகிறது. இளநீர் குடித்தால் சரியாகுமா? (புனலூர்)

இந்தத் தம்பிக்கு இங்கே எழுதிக்கொண்டிருக்கவில்லை. படித்த உடனே போனில் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மூன்று நாள் டிரிப் ஏற்றி அனுப்பினார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். மற்றவர்களுக்காகத்தான் இதைப் போடுகிறேன்.

பழக்கமில்லாத தசையை ஒரேயடியாக வதைத்தால் நார்கள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கும். சிறுநீரை டீ நிறமாக்குவது அதுதான். அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். டாக்டர்கள் இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர் சொல்வார்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதில் அடிபடுபவர்கள் பலர் நோஞ்சான்கள் கிடையாது. ஒரு காலத்தில் நன்றாகப் பயிற்சி செய்து, நடுவில் விட்டவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 300 வரை விடாமல் போகிற பிடிவாதம் அவர்களிடம் இன்னும் இருக்கிறது, அதைத் தாங்குகிற தசைதான் இல்லை. வெயிலில் செய்தாலோ, தண்ணீர் குடிக்காமல் செய்தாலோ, கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ ஆபத்து கூடும்.

இளநீர் குடிக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். அதில் பொட்டாசியம் அதிகம் என்பதையும், இந்த நிலையில் பொட்டாசியம் ஏற்கெனவே இரத்தத்தில் ஏறியிருக்கலாம் என்பதையும் நினைத்தால், வழியில்கூட வெறும் தண்ணீரே போதும்.

பண்பொழி திருமலைக் கோவிலுக்குப் படி ஏறித்தான் ஆரம்பித்தேன். ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர வலி இல்லை. மறுநாள் பார்த்தால் தொடை பிடித்துக்கொண்டது. லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். வலியோடு மறுபடி போகலாமா?

லாக்டிக் ஆசிட் மேல் பழி போடாதீர்கள். பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் அது இரத்தத்திலிருந்து போய்விடும், மறுநாள் வரை உட்கார்ந்திருக்காது. உங்கள் வலிக்குக் காரணம் ஏறியது இல்லை, இறங்கியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த வேலையில்தான் நார்களில் நுண்ணிய சிதைவு அதிகம். வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் தணியும்.

மறுபடி போகலாம். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால் போதும், லேசாகச் செய்யுங்கள். பிடிக்காமல் முடியவில்லை என்றால் இன்னும் ஒரு நாள் தரையில் நடந்தால் போதும். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு முறை இப்படி அடிபட்ட தசை, சில வாரத்துக்குள் அதே வேலையைக் கொடுத்தால் அவ்வளவு வலிக்காது. அதனால் முதல் இரண்டு வாரம் படியில் ஏறி, ரோடு வழியாக வண்டியில் இறங்கினாலும் குமரன் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு பாதிப் படி, அப்புறம் முழுப் படி என்று இறங்கிப் பழகுங்கள்.

குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறேன். இப்போதுதான் திரும்ப ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் கடைசி வரை தலை சொறிய நேரம் இருக்காது. வருடா வருடம் இதில்தான் எனக்கு விட்டுப் போகிறது.

அண்ணாச்சி, உங்களுக்கு என்றே செய்தது மாதிரி ஒரு ஆய்வு இருக்கிறது. 2011-ல் அமெரிக்காவில் அலபாமாவில் செய்தார்கள். நாலு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த 32 வாரத்துக்குச் சிலரிடம் அந்த வேலையை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதாவது வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட். வெயிட்டை மட்டும் குறைக்கவில்லை. சேர்த்த பலம் பெரும்பாலும் நின்றது. இளவயதினருக்குத் தசை அளவும் நின்றது. அறுபது தாண்டியவர்களுக்குத் தசை அளவு நிற்க இது போதவில்லை.

உங்களுக்கு மூன்று மாதம்தான் சீசன். கூட்டம் குறைந்த ஏதாவது ஒரு நாள் காலையில் வாருங்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், கயிற்றை இழுக்கும் ரோயிங், மூன்றிலும் ஒரு செட். உடம்பைச் சூடாக்கும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம். வெயிட்டைக் குறைத்து நாலு செட் போடுவதைவிட, அதே வெயிட்டில் ஒரு செட் போடுவது மேல். மூச்சுத் திறன் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது தசைப் பலத்தைவிடச் சீக்கிரம் போகும், செப்டம்பரில் சில வாரம் நடந்தால் திரும்பிவிடும்.

54 வயசு. சுகருக்கு கிளிமிப்பிரைடு மாத்திரை காலையில் எடுக்கிறேன். சாயங்காலம் ஜிம்முக்கு வந்தால் கை நடுங்கி வியர்க்கிறது. பழக்கம் விட்டதால்தானே? (ஆரியங்காவு)

இல்லை அக்கா, இது சுகர் இறங்குவதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு ஆறரைக்கு வந்தால், தசையும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம். வருவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடுக்கம் வந்தால் உடனே நிறுத்தி மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பாருங்கள். அதற்கு முன்னால் டாக்டரிடம் பயிற்சி தொடங்கியதைச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும், நானோ நீங்களோ மாற்றக் கூடாது.

திரும்ப ஆரம்பிக்கிறேன் என்றால் பார்டர் பரோட்டாவை விட்டுவிட வேண்டுமா?

எட்டை இரண்டாக்குங்கள், கோழியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நானே ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருப்பேன்.