பேக்கப் ஆன்தான், ஆனால் நாற்பது நாள் ஏறவில்லை

ஐபோன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போய்விட்டது. மாதம் 75 ரூபாய் கட்டி ஐகிளவுடில் இடம் வாங்கி, பேக்கப்பும் ஆன் செய்திருந்தேன். புது ஃபோனில் மீட்டெடுத்தால் கடைசி நாற்பது நாள் படங்கள் இல்லை. என் மகனின் முதல் பிறந்தநாளும் அதில் போயிற்று. — வாசகி, திருச்சி

மனசு கனக்கிறது, அம்மா. உங்கள் மேல் தவறு சொல்ல மாட்டேன். பணம் கட்டினால் வேலை நடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஃபோனை எப்போது சார்ஜில் போடுவீர்கள் என்று எழுதிக் கேட்டேன். மாலை ஏழு முதல் ஒன்பது வரை, சமையல் வீடியோ ஓடிக்கொண்டே. பத்து மணிக்கு மாமியார் மோடத்தை அணைத்துவிடுவார் என்றும் சொன்னீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஐபோன் தானாக பேக்கப் எடுக்க சார்ஜர், வைஃபை, பூட்டிய திரை, மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். ஏழு மணிக்கு சார்ஜரும் வைஃபையும் இருந்தன, திரை பூட்டப்படவில்லை. ஒன்பதுக்கு மேல் திரை பூட்டிக் கிடந்தது, சார்ஜர் இல்லை. பத்துக்கு மேல் வைஃபையும் போயிற்று. ஒவ்வொன்றும் தினமும் இருந்தது, மூன்றும் சேர்ந்து ஒரு நாளும் வரவில்லை.

இதை ஏன் ஃபோன் சொல்லவில்லை? எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இதுதான். இடம் நிறைந்துவிட்டால் உடனே எச்சரிக்கை வருகிறது, அதற்குக் கூடுதல் இடம் விற்கலாம். நிபந்தனை சேராத இரவை ஃபோன் தோல்வியாகவே எண்ணுவதில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று காத்திருக்கிறது. வாரக்கணக்கில் ஆன பிறகுதான் ஓர் அறிவிப்பு வரும், அதையும் மற்ற அறிவிப்புகளோடு தள்ளிவிடுகிறோம். ஒரே ஒரு இரவு தவறினாலே காலையில் திரையில் சொல்ல வேண்டும். காசு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கடமை உண்டு.

இனி மோடத்தை வாரம் இரண்டு இரவாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஃபோனைப் பூட்டி, சார்ஜில் போட்டுத் தூங்குங்கள். காலையில் `Settings`-இல் உங்கள் பெயரைத் தொட்டு, `iCloud`, `iCloud Backup` போனால் கடைசி பேக்கப்பின் நேரம் தெரியும்.

பேக்கப் ஆன் என்று காட்டுகிறது. அது போதாதா? — வாசகர், சேலம்

போதாது. தேதியைப் பாருங்கள்.

விடுதி அறையில் நண்பரின் ஹாட்ஸ்பாட்டில்தான் இருக்கிறேன். ராத்திரி முழுக்க வைஃபை குறி தெரிகிறது, சார்ஜிலும் இருக்கிறது. என் ஆண்ட்ராய்டு ஃபோன் பேக்கப் எடுப்பதில்லையே? — வாசகர், சென்னை

உங்கள் கண்ணுக்கு அது வைஃபை. ஃபோனுக்கு அது நண்பரின் டேட்டா. இன்னொரு ஆண்ட்ராய்டு ஃபோனின் ஹாட்ஸ்பாட் என்று கண்டுகொண்டால், அளந்து செலவிட வேண்டிய இணைப்பு என்று பெரிய வேலைகளை நிறுத்திவைக்கும். பேக்கப் பக்கத்தில் `Back up using mobile or metered Wi-Fi data` என்று ஒரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்தால் ஏறும். ஆனால் அவருடைய அன்றாட டேட்டாவைத்தான் அது தின்னும். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரவெல்லாம் சார்ஜில் கிடந்தால் பேட்டரி கெடும் என்கிறார்கள். நேரம் பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் டைமர் பிளக் வாங்கலாமா? — வாசகர், கோவை

வேண்டாம். நான் வாங்கி நொந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தும்படி வைத்து, பத்து மணிக்கு ஃபோனை அதில் செருகுவேன். பதினொன்றரை வரை கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். நான் கீழே வைக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றிருக்கும். இரண்டு மாதம் ஒரு பேக்கப்கூட இல்லை. ஃபோன் கெட்டபோது அப்பாவின் கடைசி குறுஞ்செய்திகள் திரும்பி வரவில்லை. இப்போது பல ஃபோன்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கேபிள் செருகியபடியே இருப்பதால் பேக்கப்புக்கும் தடையில்லை. கேட்டுவிட்டு வாங்குகிறவர் நீங்கள், அது நல்லது. வாங்கிவிட்டுக் கேட்டு எழுதிய நான்கு பேருக்கும் இதுவே பதில். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி வாங்குவதை நிறுத்துங்கள்.

கடைக்காரர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு வாட்ஸப்புக்கு 'ஆட்டோ பேக்கப்' போட்டுத் தந்தார். எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது, மொபைல் டேட்டாதான். ஃபோன் திருடு போனது. அரட்டை எதுவும் மீளவில்லை. எனக்கு வயது 68. — வாசகர், தேனி

ஐயா, உங்களை ஏமாற்றியிருக்கிறார். வாட்ஸப்பில் `Settings`, `Chats`, `Chat backup` பக்கத்தில் `Back up using cellular` என்ற ஒரு பொத்தான் உண்டு. அதை ஆன் செய்யாமல் விட்டால், வைஃபை இல்லாத வீட்டில் கூகுள் கணக்குக்கு ஒரு நாளும் ஏறாது. வீட்டில் வைஃபை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். புது ஃபோனில் அந்தப் பொத்தானை ஆன் செய்து, `Back up` என்பதை ஒரு முறை நீங்களே அழுத்தி, அதே பக்கத்தில் இன்றைய தேதி வருகிறதா என்று பாருங்கள்.