கூரை போடாத வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குக் கீழக்கரை. பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். ஒரே கனவு அடிக்கடி வருகிறது. கடலோரத்தில் என் வீடு பாதியில் நிற்கிறது. சுவர் எழும்பியிருக்கிறது, கூரை இல்லை. பில்லர்களில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மாடிப்படி நடுவில் நின்றுவிடுகிறது. கொத்தனாரைத் தேடுகிறேன், யாருமே இல்லை. நிஜத்தில் வீடு கட்டிக் குடியேறியாயிற்று. முடியாமல் கிடப்பவை இரண்டு: பி.காமில் இரண்டு அரியர், மண்டபம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துப் போட்ட படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப் இடம். உம்மா கெட்ட சகுனம் என்கிறார்கள். கனவு எதைச் சொல்கிறது?

கே.

அன்புள்ள கே.,

சகுனம் என்று பார்த்தால் பாதி வீடு கண்ட எல்லோருக்கும் ஒரே பலன்தான் சொல்ல வேண்டிவரும். கனவைப் படிக்க அது உதவாது. உளவியலாளர் கார்ல் யுங் ஒரு வழி சொன்னார்: கனவில் வந்த பொருளை, அதைப் பார்த்தே அறியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் விவரியுங்கள். ‘வீடு என்றால் வாழ்க்கை’ என்று தாவாமல், அந்தக் கட்டடம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்து என்ன வேலை என்று கேட்க வேண்டும்.

நீங்கள் கண்ட குறைகள் நான்குபோல் தெரிகின்றன. கொத்தனார் ஒருவரிடம் சொன்னால் ஒன்று என்பார். மாடிப்படியின் மேல்பாதியைப் பெரும்பாலும் கூரையோடு சேர்த்துத்தான் வார்ப்பார்கள். கூரை இல்லையென்றால் படி நடுத்தட்டோடு நின்றுபோகும். பில்லர் கம்பி நீட்டி நிற்பதும் மேலே வேலை பாக்கி என்பதால்தான். ஆக, உங்கள் கனவில் நடக்காதது ஒரே ஒரு வேலை: கூரை கான்கிரீட்.

அந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. சுவரை இன்று இரண்டு வரி, அடுத்த மாதம் நான்கு வரி என்று ஏற்றலாம். கூரையைத் தவணையில் போட முடியாது. சென்ட்ரிங், கம்பி, கலவை மிஷின், ஆட்கள், பணம் எல்லாம் ஒரே நாளில் கூட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த இணைப்பில் பின்னால் நீர் கசியக்கூடும்.

இப்போது உங்கள் இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் வையுங்கள். அரியர் சுவர் வேலை. ஒவ்வொரு பேப்பராக எழுதலாம், நீங்கள் ஒருவரே போதும். ஒர்க்‌ஷாப்தான் கூரை. இடம், கருவிகள், முதலீடு, எஞ்சின் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். கனவில் நீங்கள் கரண்டி எடுக்கவில்லை, கொத்தனாரைத் தேடுகிறீர்கள். அந்தத் திட்டத்தில் மெக்கானிக் யார்? அவர் இன்னும் வருவதாக இருக்கிறாரா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் ஊகம் அங்கேதான் நிற்கிறது. படித்ததும் ‘ஆமாம்’ என்று உள்ளே தட்டவில்லையென்றால் இதைத் தள்ளிவிடுங்கள். கனவு கண்டவர் ஒப்பாத விளக்கத்துக்கு மதிப்பில்லை.

கம்பிக்கு வருவோம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட கம்பி கீழக்கரைக் காற்றில் சும்மா இருக்காது. உப்பு ஏறி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டும் வெடிக்கும். அதனால் நிறுத்திய வேலையைத் தொடரும் நல்ல மேஸ்திரி நேரே கலவை ஊற்ற மாட்டார். கம்பி பிரஷால் தேய்ப்பார், கனம் குறைந்திருக்கிறதா என்று அளப்பார். மேல்துரு மட்டும் என்றால் தொடர்வார். இளைத்திருந்தால் நல்ல கான்கிரீட் வரை உடைத்துப் புதுக்கம்பி சேர்ப்பார். மாடியே வேண்டாம் என்றால் கம்பியை அறுத்துத் தலையைக் கான்கிரீட்டால் மூடிவிடுவார். அதுவும் வேலையை முடிப்பதுதான்.

உங்கள் அட்வான்ஸையும் அப்படி அளந்து பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, காலக்கெடு என்ன, திரும்பக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும்? அரியருக்கும் இது பொருந்தும். பல பல்கலைக்கழகங்களில் பேப்பர் எழுதக் கால வரம்பு உண்டு. தேர்வுப் பிரிவில் முதலில் அதைக் கேளுங்கள், புத்தகத்தைப் பிறகு எடுக்கலாம்.

மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட சோதனைகளில், முடியாத காரியம் மனத்தில் குறுக்கிடுவதை நிறுத்த அதை முடித்தே தீர வேண்டியிருக்கவில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டமாக எழுதியதே போதுமாயிருந்தது. அது விழித்திருப்பவர்களிடம் நடந்த சோதனை, கனவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாத வேலை. ‘ஒர்க்‌ஷாப் தொடங்க வேண்டும்’ என்று எழுதுவது திட்டமல்ல. ‘வெள்ளி ஜும்ஆ முடிந்து மண்டபம் போய் இடத்துக்காரரிடம் ஒப்பந்தத்தைப் பார்ப்பது’ என்பது திட்டம். கைவிடுவதாக இருந்தாலும் அதே துல்லியத்தோடு எழுதுங்கள்.

தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். விழித்ததும் புரளாமல் கிடந்து, கனவை நிகழ்காலத்தில் எழுதுங்கள்: ‘படி ஏறுகிறேன், தட்டில் நிற்கிறேன்.’ பயமா, எரிச்சலா, வெட்கமா என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். அடுத்தடுத்த முறை கட்டடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஆள் யாராவது வந்தார்களா என்பதை மட்டும் ஒப்பிட்டால் போதும். அலறி விழித்து, தூங்கவே அஞ்சும் நிலை வந்தால் இந்த வாசிப்பு உதவாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். கெட்ட கனவின் முடிவை மாற்றி எழுதி, பகலில் தினம் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது, அதை அவர்களிடம் கேட்கலாம்.