பேசி எழுதிய கட்டுரைக்கு ஏஐ முத்திரை விழுந்தால்

பென்னாகரத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் சிரமம். அதனால் பி.காம். இரண்டாம் ஆண்டு அசைன்மெண்டை கூகுள் டாக்ஸில் வாயால் சொல்லித்தான் எழுதினான். அதை ‘72 சதவீதம் ஏஐ’ என்று சாஃப்ட்வேர் காட்டியதால் துறைத்தலைவர் விளக்கம் கேட்டிருக்கிறார். ‘பையனுக்குக் குறை இருக்கிறது, மன்னித்துவிடுங்கள்’ என்று போய் நிற்காதீர்கள். அவன் தப்பு செய்ததாக நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். எப்படி எழுதினான் என்பதைக் காட்டினால் போதும்.

அந்த சாஃப்ட்வேருக்கு யார் எழுதினார்கள் என்பது தெரியாது. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பது போன்ற கணக்கை வைத்துத்தான் சொல்கிறது. தெரிந்த சொற்களை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியதாகத் தவறாகக் காட்டப்பட்டதை, 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கையால் எழுதும் தேர்வில் எழுத்துப்பிழை, அசைன்மெண்டில் பிழையே இல்லை என்றால் ஆசிரியருக்குச் சந்தேகம் வருவதும் இயல்புதான்.

கட்டுரையின் பழைய பதிப்புகள் Version history-யில் இருக்கும். File மெனுவில் திறக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டச்சு செய்தால் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளரும். பேசினால் இரண்டு மூன்று வரி ஒரேயடியாக வந்து விழும். பார்ப்பவருக்கு வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போல் தோன்றும். இதை அவர் கேட்பதற்கு முன்பே பையன் சொல்லிவிட வேண்டும். முதல் பதிப்பில் ‘கேஷ் ஃப்ளோ’ என்று சொன்னது ‘கேஷ் ஃப்ளோர்’ என்று விழுந்து, பிறகு திருத்தியிருப்பான். காதில் விழுந்ததை வைத்து வரும் இந்த மாதிரிப் பிழை, பேசி எழுதியதற்கு நல்ல அடையாளம். அப்படி நாலைந்து இடத்தைக் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

விளக்கக் கடிதம் இவ்வளவு போதும்: “எனக்கு டிஸ்லெக்சியா. கருத்தும் வாக்கியமும் என்னுடையவை. குரல் தட்டச்சு நான் சொன்னதை எழுத்தாக்கியது, எழுத்துப்பிழையும் திருத்தப்பட்டது. உங்கள் முன்னால் இப்போதே ஒரு பத்தி சொல்லிக் காட்டத் தயார்.” கூடவே மருத்துவச் சான்றின் நகலை வையுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

போவதற்கு முன் அவனிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: வாக்கியத்தையே மாற்றி எழுதித் தரும் வசதி எதையாவது பயன்படுத்தினானா? எழுத்துப்பிழை திருத்துவது வேறு, அது வேறு. பயன்படுத்தியிருந்தால் மறைக்க வேண்டாம். எந்தப் பத்தியில் என்று சொல்லி, அதை மட்டும் மறுபடி எழுதித் தர அனுமதி கேட்கட்டும்.