வாங்குபவரா, நுகர்வோரா, கிளையண்டா, புரவலரா: வணிகக் கடிதங்களில் யாரை எப்படி எழுதுவது?

கோவையிலிருந்து, வெட் கிரைண்டர் தயாரிப்பாளர்: உத்தரவாத அட்டையைத் தமிழில் அச்சடிக்கப் போகிறோம். வாங்குபவர், வாடிக்கையாளர், நுகர்வோர் என்று மூன்றும் மாறி மாறி வருகிறது. ஏதாவது ஒன்றை எல்லா இடத்திலும் போட்டால் போதாதா?

போதாது. ஒரு கிரைண்டரின் போக்கைப் பாருங்கள். ஈரோட்டு டீலர் ஒருவர் உங்களிடம் பத்து கிரைண்டர் எடுக்கிறார். அதில் ஒன்றை ஓர் அண்ணன் வாங்கித் தங்கைக்குச் சீராகக் கொடுக்கிறார். ஆறாம் மாதம் மோட்டாரில் புகை. உங்களிடம் வாங்கியவர் டீலர், டீலரிடம் வாங்கியவர் அண்ணன், மாவு ஆட்டுவது தங்கை. அட்டையில் 'வாங்குபவருக்கு மட்டுமே உத்தரவாதம்' என்று இருந்தால், சர்வீஸ் சென்டரில் பில்லைப் பார்த்துவிட்டு "உங்க பேர் இல்லையேம்மா" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புவார்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். தங்கை நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டீலர் போக முடியாது. மறுவிற்பனைக்கு வாங்குகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. அவருக்கும் உங்களுக்கும் உள்ள வழக்கு, ஒப்பந்தத்தையும் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தையும் வைத்துத் தீரும்.

அதனால் டீலர் ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் 'வாங்குபவர்' என்று எழுதுங்கள். அட்டையில் 'இந்தக் கிரைண்டரைப் பயன்படுத்தும் நுகர்வோர்' என்று போட்டு, பில்லின் நகல் இருந்தால் போதும், பெயர் யாருடையதாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். 'வாடிக்கையாளர்' மரியாதைச் சொல். பொங்கல் வாழ்த்துக்கும் சர்வீஸ் நினைவூட்டலுக்கும் அது அழகாகப் பொருந்தும். உரிமையும் பொறுப்பும் பேசும் பத்தியில் வேண்டாம்.

சேலத்திலிருந்து, வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்: அப்படியானால் வீட்டுக்கு வாங்கினால் நுகர்வோர், தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை. கணக்கு சரிதானே?

பாதி சரி. சொந்தமாக உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்கென்றே ஒருவர் பொருள் வாங்கினால், அதை வணிக நோக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டுத் தானே மாவரைக்கும் அக்கா நுகர்வோர். நான்கு கிளை வைத்து, ஆட்களை விட்டு அரைக்கும் ஓட்டல் அந்த விளக்கத்துக்குள் வருவது கடினம். இட்லிக் கடை அக்கா உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டால்? இத்தனை பேர் வரைக்கும் என்று சட்டம் கோடு போடவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கோவை நண்பருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. 'வணிகப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை' என்று மொட்டையாக எழுதினால் சண்டை அந்தச் சொல்லிலேயே தொடங்கும். நாளைக்கு எத்தனை மணி நேரம், ஒரு ஈட்டுக்கு எத்தனை லிட்டர் என்று மோட்டார் தாங்கும் அளவை எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து, பிரிண்டிங் யூனிட் நடத்துபவர்: நான் கேட்பது இந்தப் பேச்சுக்குப் பொருந்துமா தெரியவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. கேட்டால் "பையர் இன்னும் பணம் போடலைங்க" என்கிறார்கள்.

நன்றாகவே பொருந்தும். உங்கள் ஊரில் பையர் என்றால் வெளிநாட்டு பிராண்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உங்களிடமிருந்து பொருளோ சேவையோ பெற்றவர்தான் வாங்குபவர். அதாவது அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி. அவர்களுடைய பையர் எப்போது பணம் போட்டாலும் உங்கள் கெடு நகராது.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருக்க வேண்டும். வேலையை எடுப்பதற்கு முன்பே பதிவு இருந்தால் வாதத்துக்கு இடமில்லை.

நான்காவது கடிதத்தை இப்படித் தொடங்குங்கள்: "இன்வாய்ஸில் கண்ட வேலைக்கு வாங்குபவர் தாங்களே. வேலை ஏற்கப்பட்ட தேதி இது, பணம் தந்திருக்க வேண்டிய தேதி இது." டெலிவரி சலான் நகலை இணையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். அது இந்தப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். மரியாதையை விடச் சொல்லவில்லை. 'அன்புடையீர்' இருக்கட்டும். ஆனால் கடன் கேட்கும் கடிதத்தில் 'வாடிக்கையாளரே' என்று அழைத்தால், அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பவராகத்தான் உங்களைப் படிப்பார்கள்.

மதுரையிலிருந்து, வழக்கறிஞர்: நாங்கள் கட்சிக்காரர் என்கிறோம். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சொன்னதற்கு ஒரு காரணமே, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் கட்சிக்காரருக்கு உள்ள நேரடிக் கட்டுப்பாடுதான். என் ஆடிட்டர் நண்பரோ தன்னிடம் வருகிறவர்களை வாடிக்கையாளர் என்று எழுதுகிறார். அது சரியா?

நீங்கள் சொன்னதே விஷயத்தின் மையம். வாங்குபவர் பொருளைக் கேட்கிறார், கிளையண்ட் தன் காரியத்தையே ஒப்படைக்கிறார். ஒப்படைத்ததால்தான் ரகசியம் காக்கும் கடமை வருகிறது. எதிர்த்தரப்புக்கும் சேர்த்து வேலை பார்க்கக் கூடாது என்ற தடையும் வருகிறது. ஆடிட்டருக்கு 'வாடிக்கையாளர்' கொஞ்சம் இளைத்த சொல்தான். 'கட்சிக்காரர்' போட்டால் வழக்கு நடப்பது போலத் தோன்றும். நான் 'கிளையண்ட்' என்றே எழுதுவேன். 'சேவை பெறுநர்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது அரசாணை போல இருக்கிறது. நீங்கள் மாறுபடலாம்.

இந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை. கமிஷனுக்கு ஃபண்ட் விற்கும் ஏஜென்ட், கடிதத்தில் 'என் கிளையண்ட்' என்று எழுதும்போது, உன் நலனையே பார்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். முதலீட்டு ஆலோசகர் விதிகளில் செபி 2020இல் செய்த திருத்தப்படி, ஒரே கிளையண்டுக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்கு விற்கவும் முடியாது. விற்கிறவர் 'முதலீட்டாளர்' என்று எழுதட்டும். அது நேர்மை.

கும்பகோணத்திலிருந்து, இசைச் சபா செயலாளர்: நன்கொடை கொடுப்பவர்களைப் புரவலர் என்று மலரில் போடுகிறோம். ஒரு நகைக்கடையும் பணம் தந்தது. அவர்களையும் புரவலர் பட்டியலில் சேர்க்கலாமா?

ஆங்கிலத்தில் கடைக்கு வந்துபோகிறவரைக்கூட பேட்ரன் என்று எழுதிவிடுவார்கள். தமிழில் புரவலர் என்றால் காத்து நிற்பவர். கொடுத்ததற்கு ஈடாகச் சரக்கு கேட்காதவர்.

நகைக்கடை பணத்துக்கு ஈடாக என்ன பெற்றது என்று பாருங்கள். 2019 அக்டோபரில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை ஒன்று இதைப் பிரித்துக் காட்டுகிறது. கொடுத்தவருக்கு நன்றியாக அவர் பெயரை மட்டும் பொறித்தால், அவர் தொழிலுக்கு அது விளம்பரமாக இல்லாதவரை, நன்கொடை நன்கொடையாகவே இருக்கும், வரி இல்லை. கோயில் கதவில் 'தந்தை நினைவாக' என்று எழுதுவது போன்றவை அதில் வரும் உதாரணங்கள். உங்கள் மலரில் கடை உரிமையாளரின் பெயர் மட்டும் இருந்தால் அவர் புரவலர். முழுப் பக்கத்தில் ஆரம் படமும் செய்கூலித் தள்ளுபடியும் இருந்தால் அவர் விளம்பர இடம் வாங்கியவர். அவரை 'விளம்பரதாரர்' என்று தனிப் பக்கத்தில் போட்டு, ரசீதையும் அப்படியே எழுதுங்கள். சபாவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வரியும் சேர வேண்டும். புரவலருக்கு முன்வரிசை இருக்கை ஒதுக்குவது எந்தப் பக்கம் விழும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். இருக்கைக்கு டிக்கெட் விலை இருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.